டேங்க் கழுவும் நாளுக்கு ஒரு நோட்டீஸ்: 40 வீட்டுக்குத் தமிழில், கீழே ஒரு வரி ஆங்கிலத்தில்

கேள்வி: "எங்க அப்பார்ட்மென்ட்ல மார்ச் 8 ஞாயித்துக்கிழமை நல்ல தண்ணி சம்ப்பும் மேல் டேங்கும் கழுவறோமுங்க. 40 வீடு, அதுல பாதி வெளி மாநிலத்துக்காரங்க. தமிழ்ல ஒரு நோட்டீஸ், கீழ ஒரே ஒரு வரி இங்கிலீஷ், என்ன எழுதறதுன்னு சொல்லுங்க. போன தடவை ஒட்டியும் ஒரே சண்டை. சம்ப் 15,000 லிட்டர், டேங்க் 5,000. பாத்ரூமுக்குப் போர் தண்ணி தனி லைன். (சரவணம்பட்டி, கோவை)"

போன தடவை ஒட்டிய நோட்டீஸ் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. "குடியிருப்போர் கவனத்திற்கு" என்று தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை தொட்டி சுத்தம் செய்யப்படும் என்று சொல்லி, ஒத்துழைப்பை வேண்டி முடிந்திருக்கும். கோவையிலும் திருப்பூரிலும் குடியிருப்புகளின் தண்ணீர் வேலையைப் பார்த்து வருகிறவன் நான். பத்துக்கு எட்டு இடத்தில் இதே வாசகத்தைத்தான் லிஃப்ட் பக்கத்தில் பார்க்கிறேன். குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டியது தொட்டி கழுவும் செய்தி அல்ல, மூன்று நேரங்கள். குழாய் எப்போது நிற்கும், எப்போது திரும்ப வரும், வந்த தண்ணீரை எப்போதிலிருந்து குடிக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல. அதை ஒன்றாக எழுதிவிடுவதால்தான் சண்டை வருகிறது. எனவே முதலில் அந்த மூன்று நேரத்தையும் கணக்குப் போட்டு எடுப்போம். வாசகம் அதற்குப் பிறகு தானாக வந்துவிடும்.

உங்களுக்கு இரண்டு லைன் இருப்பது பெரிய வசதி. நல்ல தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே நாளில் கழுவ ஒப்புக்கொள்ளாதீர்கள். கழுவ வரும் ஆட்கள் ஒரே நாளில் முடித்துவிட்டால் வண்டிச்செலவு மிச்சம் என்பார்கள். ஆனால் இரண்டும் நின்றால் 40 வீட்டுக் கழிப்பறையும் நிற்கும். இந்த ஞாயிறு நல்ல தண்ணீர், அடுத்த ஞாயிறு போர் என்று பிரித்துக்கொண்டால், "சமையலறைக் குழாய் மட்டும் நிற்கும், குளியலறைக் குழாய் வழக்கம்போல் வரும்" என்று ஒரே வாக்கியத்தில் பாதிப் பேரின் கவலை தீர்ந்துவிடும். அதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். சமையலறையில் தண்ணீர் இல்லையென்றால் குளியலறைக் குழாயில் பிடித்து உலை வைத்துவிடுவார்கள், குறிப்பாக ஊருக்குப் புதிதாக வந்தவர்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. பாத்திரம் கழுவலாம், குடிக்கக் கூடாது.

இனி நாள் பொருந்துகிறதா என்று பாருங்கள். 40 வீடு, வீட்டுக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் நல்ல தண்ணீர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 2,400 லிட்டர். 15,000 லிட்டர் சம்ப் ஏறக்குறைய ஆறு நாள் தாங்கும். மாநகராட்சித் தண்ணீர் உங்கள் பகுதியில் எத்தனை நாளுக்கு ஒரு முறை விடுகிறார்களோ, அந்த முறை நாளுக்கு முந்தைய நாள்தான் சம்ப்பில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும். கழுவுவதற்கு அதுதான் தோதான நாள். நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டியிருக்காது, மறுநாளே புதுத் தண்ணீர் நிரம்பும். 8-ஆம் தேதி அப்படிப்பட்ட நாளாக இல்லாமல், தண்ணீர் விட்டதற்கு மறுநாளாக இருந்தால், ஒரு வாரம் தள்ளிப்போடுவதே என் யோசனை. முறை நாளைத் தெருவில் வால்வு திறக்க வருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிருந்து நான் சொல்ல முடியாது.

மேல் டேங்க் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். 5,000 லிட்டர் இரண்டு நாளுக்கு வருகிறதே என்று வெள்ளி காலையிலேயே மோட்டாரை நிறுத்தச் சொல்வார்கள். நோட்டீஸ் ஒட்டினால் அந்த நோட்டீஸே தண்ணீரை இழுக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெள்ளியும் சனியும் சேர்த்து வழக்கமான செலவு 4,800 லிட்டர். அதற்கு மேல் வீட்டுக்கு இரண்டு குடம், ஏறக்குறைய 30 லிட்டர் பிடித்தால் 40 வீட்டுக்கு 1,200. மொத்தம் 6,000. டேங்க்கில் இருப்பது 5,000. சனி மாலை, எல்லோரும் பிடிக்கப் போகிற நேரத்தில் குழாய் காற்று விடும். மாறாக, சனி காலை டேங்க்கை முழுக்க நிரப்பிவிட்டு மோட்டாரை நிறுத்தினால், அன்றையச் செலவு 2,400, பிடித்து வைப்பது 1,200, சேர்த்து 3,600. இரவில் 1,400 லிட்டர் மிஞ்சும். ஞாயிறு காலை காபிக்கும் சமையலுக்கும் கொஞ்சம் போக, எட்டு மணிக்கு டேங்க்கில் ஏறக்குறைய 1,000 லிட்டர் இருக்கும். சுவர் தேய்த்துக் கழுவ அது போதும்.

பிடித்து வைக்கும் நேரத்தைச் சனி இரவு 9 மணிக்குள் என்று போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. டேங்க்கின் வெளிக்குழாய் தரையிலிருந்து சற்று உயரத்தில் இருக்கும், வண்டல் அதற்குக் கீழே தங்கும். மட்டம் இறங்க இறங்க அந்த வண்டல் கலங்கிக் குழாய்க்குள் வரத் தொடங்கும். ஞாயிறு காலை கடைசி நேரத்தில் பிடிக்கும் தண்ணீர்தான் டேங்க்கிலேயே மோசமான தண்ணீர்.

ஞாயிறு வேலை இப்படி நகரும். எட்டு மணிக்கு டேங்க்கின் அவுட்லெட் வால்வை அடைப்பது. சம்ப்புக்கு வரும் மாநகராட்சி லைனில் கேட் வால்வை அடைப்பது. பால் வால்வு இருக்கிறதே என்று விடக் கூடாது. சம்ப் காலியானால் மிதவை கீழே இறங்கி வால்வு முழுக்கத் திறந்துகொள்ளும், முறை மாறித் தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் ஆள் மேல் கொட்டும். மோட்டாரின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றி ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும். பிறகு மிச்சத் தண்ணீரில் சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, வண்டலை வெளியேற்றுவது. டேங்க், சம்ப் இரண்டுக்குமாகப் பதினொன்றரை ஆகும்.

அடுத்தது குளோரின். டேங்க் நிறையத் தண்ணீர் விட்டு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடர் போட்டு மணிக்கணக்கில் ஊறவைத்துக் கொட்டுவது ஒரு முறை. அப்படிச் செய்தால் உங்கள் இரண்டுக்கும் சேர்த்து 20,000 லிட்டர் குடிதண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டிவரும். சிறுவாணிக்கும் பில்லூருக்கும் காத்திருக்கும் ஊரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொரு முறை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் உள்ள கரைசலைச் சுவர், தரை, மேல்மூடியின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் நனைய அடித்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவுவது. 100 லிட்டர் கரைசலுக்கு 20 கிராம் குளோரின் வேண்டும். கடைப் பவுடரில் கால் பங்கு குளோரின் என்று வைத்துக்கொண்டால் 80 கிராம் பவுடர். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும், திறந்து வைத்த மூட்டையில் அது குறைந்துகொண்டே போகும். அதனால் கால் பங்கு என்று எடுப்பது பாதுகாப்பான கணக்கு. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். சம்ப்புக்குள் ஆளை இறக்கி இதை அடிக்கக் கூடாது. மூடிய குழியில் குளோரின் வாடை மூச்சை அடைக்கும். வாய் வழியாக நீளக் குழாய் வைத்து மேலிருந்தே அடிக்கட்டும். கழிப்பறை ஆசிட் எதையும் அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும்.

சிலர் யுவி விளக்கு காட்டி, கிருமி முழுவதும் போய்விட்டது என்பார்கள். அந்த ஒளி நேராகப் படும் இடத்தில், போதிய நேரம் பட்டால் வேலை செய்யும் என்பது உறுதி. மூலை முடுக்கும் குழாய் வாயும் உள்ள டேங்க்கில் சில நிமிடம் காட்டினால் என்ன ஆகும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. குளோரினுக்குக் கூடுதலாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக வேண்டாம்.

குளோரின் அடித்து, ஊறி, கழுவி முடிக்க மதியம் ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடும். மறுநாள்தான் மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஞாயிறு மாலைக்கு ஒரு 6,000 லிட்டர் லாரி வேண்டும். மூன்று மணிக்குச் சொல்லிவைத்தால் நான்குக்கு இறங்கும், மோட்டார் போட்டு ஐந்துக்குள் மேல் டேங்க்கில் ஏறிவிடும். நோட்டீஸில் 5 என்று போடாதீர்கள், 6 என்று போடுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாக வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பத்து நிமிடம் தாமதமானால் வாட்ச்மேனைப் பிடித்து நிறுத்துவார்கள். லாரி வராமல் போனால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். இரண்டாவது லாரிக்காரர் எண் கையில் இருந்தால் போதும்.

ஆறு மணிக்குக் குழாயில் வருவது குடிக்கும் தண்ணீர் அல்ல. ஒவ்வொரு லைனிலும் கடைசி வீட்டுக் குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தால் அது காற்று, கவலையில்லை. அடியில் பொடி தங்கினால் வண்டல், இன்னும் திறந்துவிட வேண்டும். பழுப்பாக வந்தால் பழைய இரும்புக் குழாயின் துரு. கண்ணுக்குத் தெளிவு என்பது மட்டும் போதாது. குளோரின் பார்க்கும் சிறிய கிட் கடையில் கிடைக்கும். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டு, வரும் நிறத்தைப் பக்கத்தில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம், IS 10500, குளோரின் போட்ட தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதம் இருக்கச் சொல்கிறது. கடைசிக் குழாயில் 0.2-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் திருப்தி. நிறமே வரவில்லையென்றால் லாரித் தண்ணீரில் குளோரின் இல்லை, சிறிது சேர்த்து அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். கிட் சொல்வது குளோரினை மட்டும்தான். கழிவுநீர்க் கலப்பு இருக்கிறதா என்ற சந்தேகம் எழுந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பதைத் தவிர வழியில்லை. சோதித்த குழாயில் உள்ள தண்ணீரைக் கீழே கொட்டுங்கள், டேங்க்கில் ஊற்றாதீர்கள்.

வீட்டுக்குள் நடப்பதில் இரண்டைத்தான் நோட்டீஸில் சேர்ப்பேன். ஒன்று, குழாயை மூடி வைப்பது. தண்ணீர் வருகிறதா என்று திருகிப் பார்த்து, வராததால் அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள். மாலையில் வீடு நிறையத் தண்ணீர், கீழ் வீட்டுக் கூரையில் கறை. போன தடவைச் சண்டையில் இது ஒன்று இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டு, ஆர்.ஓ. இணைப்பை அடைத்து வைப்பது. முதலில் வரும் கலங்கல் அதன் முன்வடிகட்டியை அடைக்கும், மிகுந்த குளோரின் உள்ளே உள்ள மெம்பிரேனைக் கெடுக்கும். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அன்றைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று வாட்ஸ்அப் குழுவில் சொன்னால் போதும், நோட்டீஸில் இடம் அடைக்க வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீடு, படுக்கையில் பெரியவர் இருக்கும் வீடு, ஒரம்பரை வந்து தங்கியிருக்கும் வீடு, இவற்றுக்கு இரண்டு குடம் பற்றாது. கதவைத் தட்டி நேரில் சொல்லுங்கள்.

ஆங்கில வரிக்கு வருகிறேன். தமிழில் உள்ள எல்லாவற்றையும் அதில் திணிக்க நினைக்காதீர்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து நம் ஊரில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு ஆங்கிலமும் தாய்மொழி அல்ல, எண்ணையும் நாலு எளிய சொல்லையும் பிடித்துக்கொண்டுதான் படிப்பார்கள். எந்தக் குழாய், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, குடிக்காதே. இவ்வளவுதான் அந்த வரி தாங்கும். உடம்புக்குக் கெடுதல் வரக்கூடிய செய்தி, அதாவது குடிக்காதே என்பது, கட்டாயம் அதில் இருக்க வேண்டும். மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுக்கலாம். தேதியை 8/3 என்று போடாமல் மாதப் பெயரோடு எழுதுங்கள். தமிழில் போட்ட மணியும் ஆங்கிலத்தில் போட்ட மணியும் ஒன்றுதானா என்று ஒட்டுவதற்கு முன் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். தமிழில் திருத்திவிட்டு ஆங்கிலத்தைப் பழைய நேரத்தோடு விட்டுவிடுவது மிகவும் சகஜம். எழுத்து தமிழின் அளவிலேயே இருக்கட்டும், அடிக்குறிப்பு மாதிரி சிறிதாகப் போட்டால் அது அவர்களுக்கு இல்லை என்றே நினைப்பார்கள்.

உங்கள் கணக்குக்கு நான் எழுதுவது இது:

நல்ல தண்ணீர்த் தொட்டி கழுவுகிறோம்
ஞாயிறு, மார்ச் 8
சமையலறைக் குழாயில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை தண்ணீர் வராது.
குடிக்க, சமைக்க வேண்டியதைச் சனி இரவு 9 மணிக்குள் பிடித்து வையுங்கள். வீட்டுக்கு இரண்டு குடம்.
குளியலறையில் போர் தண்ணீர் வழக்கம்போல் வரும். அதைக் குடிக்க வேண்டாம்.
எல்லாக் குழாயையும் மூடி வையுங்கள். ஆர்.ஓ. இணைப்பை அடைத்து வையுங்கள்.
மாலையில் தண்ணீர் வந்த பிறகும், "குடிக்கலாம்" என்று இங்கே எழுதி ஒட்டும் வரை குடிக்க வேண்டாம்.
கூடுதல் தண்ணீர் வேண்டுவோர் சனிக்கிழமைக்குள் வாட்ச்மேனிடம் சொல்லுங்கள்.
Kitchen tap: NO WATER Sunday 8 March, 8 am to 6 pm. Do not drink tap water until the OK notice is posted here.

வியாழன் மாலை ஒட்டுங்கள். அதற்கு முன்பே ஒட்டினால் மறந்துவிடும், சனியன்று ஒட்டினால் வெளியூர் போகிறவர்களுக்குத் தெரியாது. லிஃப்ட்டுக்கு உள்ளே கண் மட்டத்தில் ஒன்று, படிக்கட்டு அடியில் ஒன்று. நோட்டீஸ் பலகையில் பழைய தாள்களுக்கு நடுவே குத்தி வைத்தால் படிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போடுங்கள், தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் அதை எடுத்து மொழிபெயர்த்துக்கொள்ள முடியும். சனி இரவு எட்டரைக்கு ஒரே வரியில் மறுபடி நினைவூட்டுங்கள்.

அடுத்த ஞாயிறு போர் லைனுக்கு இதே தாளை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆர்.ஓ. வரியை எடுத்துவிட்டு, கீசரை அணைத்து வையுங்கள் என்றும், கழிப்பறைக்கு இரண்டு பக்கெட் பிடித்து வையுங்கள் என்றும் போடுங்கள். தண்ணீர் திரும்பியதும் முதலில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து காற்றை விட்ட பிறகுதான் கீசரைப் போட வேண்டும் என்பதும் அதில் வரட்டும். குடிக்கலாமா என்ற கேள்வியே அன்று இல்லாததால் தாள் இன்னும் சிறிதாகும்.

இரண்டாவது தாளை இப்போதே அச்சடித்து வாட்ச்மேன் அறையில் வைத்துவிடுங்கள். "நல்ல தண்ணீர் வந்துவிட்டது. குளோரின் பார்த்தாயிற்று. ___ மணி முதல் குடிக்கலாம்." கீழே ஆங்கிலத்தில், "Water is OK to drink from ___." நேரத்தை மட்டும் கையால் எழுத வேண்டும், பார்த்தவர் பெயரையும் கீழே போட வேண்டும். கடைசிக் குழாயில் குளோரின் சரியாக வந்த பிறகுதான் அந்தத் தாள் லிஃப்ட்டுக்குள் போக வேண்டும். பழைய தாளைக் கையோடு கிழித்துவிடுங்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எதை நம்புவது என்று தெரியாது. இரவு ஒன்பதாகியும் குளோரின் சரியாக வரவில்லையென்றால், குடிக்கலாம் என்ற தாளை மறுநாள் காலைக்குத் தள்ளுங்கள். சனியன்று பிடித்த இரண்டு குடத்தில் அதற்குள் மிச்சம் இருக்கும், இல்லாத வீட்டுக்கு ஒரு கேன் வாங்கிக் கொடுத்துவிடலாம்.